மொட்டை மாடிக் கம்பியை நம்பி மாடி எழுப்பலாமா? பழைய வீட்டின் பூட்டிங்கையும் தூண்களையும் சோதிக்கும் வழி

பழைய வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்ப வேண்டும் என்று அழைப்பவர்கள் என்னை முதலில் மொட்டை மாடிக்குத்தான் கூட்டிச்செல்வார்கள். நான் பார்க்க வேண்டியது தரைக்குக் கீழே நான்கைந்து அடி ஆழத்தில் கிடக்கும். மேல் தளத்தின் பாரம் முழுவதும் கடைசியில் இறங்குவது அங்கேதான். ஆனால் வீடு தன் நிலையைச் சில அறிகுறிகளாக மேலேயே காட்டியிருக்கும். ஒவ்வோர் அறிகுறியிலிருந்தும் எப்படிக் கீழே இறங்கிப் போவது என்பதை இங்கே எழுதுகிறேன். சென்னைக்குத் தெற்கே, சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண் பகுதியில் 1994-இல் கட்டிய ஒரு தரைத்தள வீட்டின் கணக்கையும் கடைசியில் முழுதாகத் தருகிறேன்.

அறிகுறி 1: மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது

"அப்பா மாடிக்குக் கணக்கு வைத்துத்தான் கட்டினார் சார், கம்பி விட்டிருக்கிறார் பாருங்கள்" என்றார் அந்த வீட்டுக்காரர். இந்த வாக்கியத்தைக் கேட்காத பொறியாளர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். கம்பி விடுவதற்கு ஒரு துண்டு கம்பியும் மேஸ்திரியின் சம்மதமும் போதும். தூணுக்கு அடியில் பாரத்தை மண்ணில் பரப்பும் கான்கிரீட் பாதமான பூட்டிங்கைப் பெரிதாக்க வேண்டுமானால் குழி, கான்கிரீட், கம்பி எல்லாவற்றிலும் செலவு கூடும். ஆகவே மேலே கம்பி இருப்பது அன்றைக்கு ஆசை இருந்தது என்பதற்குச் சான்று. கீழே பாரம் தாங்கும் அடித்தளம் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

அந்தக் கம்பியிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கம்பி தளத்தைத் துளைத்து வெளிவரும் இடத்தில், தளமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலும் கீழும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை நீக்குங்கள். மழைநீர் தேங்குவது அங்கேதான், கம்பி இடுப்பு ஒடுங்கியதுபோல் இளைத்திருப்பதும் அங்கேதான். வெர்னியர் காலிப்பரால் விட்டத்தை அளவெடுங்கள். 12 மி.மீ. கம்பி 10 மி.மீ. ஆகியிருந்தால் குறைந்தது இரண்டு மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் பாரம் தாங்குவது குறுக்குப் பரப்பு. அதில் நூற்றுக்கு முப்பது பங்கு போய்விட்டது. அந்தக் கம்பியில் புதுக் கம்பியைக் கட்டித் தூணைத் தொடரக் கூடாது. தளத்தை உடைத்து, தூணின் தலைப்பகுதியில் துருவேறாத கம்பி தெரியும் வரை இறங்கி, அங்கிருந்து இணைக்க வேண்டும்.

அறிகுறி 2: தூணின் மூலையில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோட்டு விரிசல்

சுவரில் வரும் விரிசல் வளைந்து நெளிந்து போகும். தூணின் மூலையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக விரிசல் ஓடினால், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கிறது என்று பொருள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது வெளிக்கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

சிறு சுத்தியலால் தூணை அடியிலிருந்து தலைவரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'கணீர்' என்று கேட்கும், பிரிந்த இடத்தில் 'டொப்' என்று வெற்றொலி வரும். பூச்சு மட்டும் பிரிந்திருந்தாலும் இதே வெற்றொலிதான் வரும். அதனால் ஒலியை வைத்தே முடிவு சொல்லாமல் பூச்சை உரித்துப் பார்க்க வேண்டும். எல்லாத் தூணையும் முழுதாக உரிக்க வேண்டியதில்லை. தரைமட்டத்திலிருந்து ஓர் அடி உயரமும், பீமுக்குக் கீழே ஓர் அடியும் போதும். அடிப்பகுதி மண்ணின் ஈரமும் உப்பும் ஏறும் இடம். தலைப்பகுதியில் தூணுக்குத் தனியாகவும் பீமுக்குத் தனியாகவும் கான்கிரீட் போட்டிருப்பார்கள். சரியாகக் குத்தி இறக்காமல் தேன்கூடுபோல் ஓட்டை விழுவது பெரும்பாலும் அந்த இணைப்பில்தான்.

உரித்த இடத்தில், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங்குகளின் இடைவெளியை அளவெடுங்கள். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, தூணின் சிறிய பக்கம், மெலிந்த முதன்மைக் கம்பியின் விட்டத்தைப்போல் 16 மடங்கு, 300 மி.மீ. ஆகிய மூன்றில் எது சிறியதோ அதற்கு மேல் ரிங் இடைவெளி போகக் கூடாது. 9 அங்குலத் தூணில் 12 மி.மீ. கம்பி என்றால் 192 மி.மீ., அதாவது ஏழரை அங்குலம். பழைய வீடுகளில் பத்து அங்குல இடைவெளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதன்மைக் கம்பி வெளிப்புறமாக வளைந்து பிதுங்காமல் பிடித்துவைப்பது ரிங்தான். ஒரு தளப் பாரத்துக்கு இந்தக் குறை வெளியே தெரியாமல் இருந்திருக்கும். இரண்டு தளத்துக்கு அப்படி இருக்கும் என்று எண்ண முடியாது.

அடுத்தது கான்கிரீட்டின் வலிமை. ரீபவுண்ட் ஹேமர் என்ற கருவியைத் தூணில் அழுத்தி எண்ணைப் படித்துவிட்டு "நல்ல கான்கிரீட்" என்று சான்று தருபவர்கள் உண்டு. முப்பது ஆண்டுக் கான்கிரீட்டின் மேல்தோல், காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி இறுகிப்போயிருக்கும். கருவி தொடுவது அந்தத் தோலை மட்டுமே. அதனால் உள்ளே இருப்பதைவிட அதிக எண் வரும். எந்தத் தூண் மற்றதைவிடத் தளர்ந்தது என்று ஒப்பிட இந்தக் கருவி உதவும். கணக்கில் போடும் வலிமைக்கு, துளையிட்டு எடுத்த கான்கிரீட் உருளைகளை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று உருளைகள் வேண்டும். கம்பி கண்டறியும் கருவியால் கம்பி எங்கே ஓடுகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே துளையிட வேண்டும். நான்கு கம்பி மட்டும் உள்ள தூணில் ஒன்றை அறுத்துவிட்டால் கால்பங்கு இரும்பு போய்விடும்.

உருளை எடுத்த துளையின் ஓரத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால் இன்னொன்றும் தெரியும். கான்கிரீட் காரத்தன்மையோடு இருக்கும் பகுதி அடர் இளஞ்சிவப்பாகும், காரத்தை இழந்த பகுதி நிறம் மாறாது. நிறமற்ற பட்டை கம்பி இருக்கும் ஆழம்வரை போயிருந்தால், இன்று துரு தெரியாவிட்டாலும் கம்பியின் காவல் போய்விட்டது என்று கொள்ள வேண்டும். சில நொடியில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தத் தூணுக்கும் நான் சம்மதம் சொல்வதில்லை.

அறிகுறி 3: சுவரில் படிக்கட்டுபோல் ஏறும் விரிசல்

முதலில் வீண் பயத்தை நீக்கிவிடுகிறேன். கூரைத் தளத்துக்கு நேர் கீழே சுவரின் நீளத்துக்குக் கிடையாக ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. அதற்கும் அடித்தளத்துக்கும் தொடர்பில்லை. கவனிக்க வேண்டியது, செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகச் சாய்வாக ஏறும் விரிசல். சன்னல் மூலைகளில் தொடங்கி, மேலே போகப் போக அகன்றால் வீட்டின் அந்த முனை இறங்கியிருக்கலாம். கீழே அகன்று மேலே ஒடுங்கினால் நடுப்பகுதி இறங்கியிருக்கலாம்.

இறங்கி நின்றுவிட்டதா, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பூச்சை நீக்கி, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் எபாக்ஸியால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவையுங்கள். கண்ணாடி வளையாது, அசைவு இருந்தால் உடையும். களிமண் பகுதியில் கோடையில் மண் சுருங்கி விரிசல் திறக்கும், வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறி விரிசல் மூடும். அதனால் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்க்காமல் "நின்றுவிட்டது" என்று சொல்ல முடியாது. அவசரப்படுகிறவர்களிடம் இதை விளக்குவதுதான் இந்த வேலையில் கடினமானது.

இதனுடன், நீர் நிரப்பிய டியூப் லெவலை, தரைமட்டத்தில் தூண்களை இணைக்கும் பிளிந்த் பீமின் மேல்கோட்டில் பிடித்து ஒவ்வொரு தூணருகிலும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரு தூண்களுக்கு 12 அடி இடைவெளி இருந்து, மட்டத்தில் 12 மி.மீ. வேறுபாடு வந்தால், அது தூரத்தில் 300-இல் ஒரு பங்கு. சுவர்கள் பிளக்கத் தொடங்கும் எல்லையாகப் பொறியாளர்கள் வைத்திருப்பது அதைத்தான். கட்டும்போதே கொஞ்சம் மட்டப் பிழை இருந்திருக்கலாம். ஆனால் மட்டம் தாழ்ந்த தூணும் விரிசல் கண்ட சுவரும் ஒரே இடத்தில் அமைந்தால் அங்கேதான் முதல் சோதனைக் குழி.

அறிகுறி 4: தூண்போல் தெரிகிறது, தட்டினால் செங்கல்

1980-களின் வீடுகள் பலவற்றில் பாரம் தாங்குவது சுவர்தான். போர்ட்டிகோவிலும் மூலைகளிலும் தெரியும் "தூண்கள்" செங்கலைக் கட்டிப் பூசியவையாக இருக்கும், அல்லது பூட்டிங் இல்லாமல் பேஸ்மட்டத்தின் மேலேயே நிற்கும் ஒல்லிக் கான்கிரீட்டாக இருக்கும். கம்பி கண்டறியும் கருவி எதையும் காட்டாவிட்டால் தூண் கணக்கை விட்டுவிட்டு, சுவரின் கனத்தையும் கருங்கல் கடைக்காலின் அகலத்தையும் சோதிக்க வேண்டும். அத்தகைய வீட்டில் மேல் தளத்துக்கு மட்டும் கான்கிரீட் தூண் எழுப்பினால், பரவி இறங்க வேண்டிய பாரம் ஒரே புள்ளியில் சுவரைக் குத்தும்.

சோதனைக் குழி: கண்ணால் பார்க்கும் கட்டம்

பழைய வரைபடம் கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் அதில் இருப்பது கட்ட நினைத்தது. கட்டியது எது என்று குழிதான் காட்டும். குறைந்தது மூன்று தூண்களைத் தேர்ந்தெடுங்கள்: அதிகப் பாரம் வரும் நடுத்தூண் ஒன்று, எல்லைச் சுவரை ஒட்டிய தூண் ஒன்று, மட்டம் தாழ்ந்த தூண் ஒன்று. ஒரு தூணுக்கு ஒரு பக்கத்தில் மட்டும், மூன்றடிக்கு மூன்றடி தோண்டுங்கள். நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. அடுத்தடுத்த தூண்களைச் சேர்ந்தாற்போல் திறக்கவும் கூடாது. மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். பூட்டிங்கின் அடிமட்டம் தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்குக் கீழே ஓர் அங்குலம்கூட மண்ணை எடுக்காதீர்கள். அளவெடுத்த அன்றைக்கே அரையடி அரையடியாக மண் போட்டுத் திமிசு அடித்து மூடிவிடுங்கள்.

குழிக்குள் எடுக்க வேண்டிய அளவுகள் சிலதான்: தரையிலிருந்து பூட்டிங்கின் அடிவரை ஆழம், தூண் முகத்திலிருந்து பூட்டிங் எவ்வளவு வெளியே நீள்கிறது, அதன் ஓரக் கனம், நீர்மட்டம். நீட்சியை இரண்டால் பெருக்கித் தூணின் அளவைக் கூட்டினால் பூட்டிங்கின் அகலம் கிடைக்கும். தூண் நடுவில் நின்றால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். எல்லைச் சுவரை ஒட்டிய தூணுக்குப் பக்கத்து மனைக்குள் பூட்டிங் போக முடியாது. அது உள்பக்கம் மட்டுமே நீண்டிருக்கும், தூண் அதன் ஓரத்தில் நிற்கும். அப்படிப்பட்ட பூட்டிங்கில் பாரம் சமமாகப் பரவாது, தூண் நிற்கும் ஓரத்தில் மண் மிக அதிகமாக அழுந்தும்.

அடிமட்டத்து மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரக் களிமண்ணில் கட்டைவிரல் எளிதாகப் புதைந்தால் உடனே எச்சரிக்கையாக வேண்டும். ஆனால் கணக்குக்கு விரல் போதாது. வீட்டை ஒட்டித் துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளின் ஆய்வறிக்கையில் வரும் தாங்குதிறன் எண்தான் வேண்டும். முப்பது ஆண்டு பாரத்தில் மண் இறுகியிருக்கும் என்று சொல்லித் தாங்குதிறனைத் தாமாகவே கூட்டிக்கொள்பவர்களை நம்ப வேண்டாம்.

ஒரு வீட்டின் கணக்கு

1994 வீட்டுக்கு வருகிறேன். தூண்கள் 9 அங்குலத்துக்கு 9 அங்குலம், ஒவ்வொன்றிலும் நான்கு 12 மி.மீ. கம்பி. வரைபடத்தில் நடுத்தூணின் பூட்டிங் ஐந்தடிச் சதுரம். குழியில் கண்டது ஏறத்தாழ நான்கடிச் சதுரம், பக்கத்துக்கு 1.2 மீட்டர், அதாவது 1.44 சதுர மீட்டர். மண் அறிக்கை சொன்ன தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 15 டன்.

அந்தத் தூணுக்கு 12 சதுர மீட்டர் தளம் பாரம் தருகிறது. தளம், அதன் மேல் போட்ட சுண்ணாம்புச் சுருக்கி, மனிதர் பாரம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 8 டன். சுவர்கள் 8 டன், பீமும் தூணும் 2 டன், பிளிந்த் பீம் 1 டன், மண்ணுக்குள் இருக்கும் தூண் பகுதியும் பூட்டிங்கும் 2 டன். மொத்தம் 21 டன். இதை 1.44-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 14.6 டன். அதாவது மாடி இல்லாமலேயே அந்தப் பூட்டிங் தன் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. செங்கல்லில் இன்னொரு தளம் எழுப்பினால் 18 டன் கூடும். 39 டன்னை அதே பரப்பில் இறக்கினால் 27 டன் வருகிறது. வரைபடத்தில் இருந்த ஐந்தடி பூட்டிங்கே இருந்திருந்தாலும் 17 டன் அளவில் வந்திருக்கும்.

தூணுக்கும் நிலைமை வசதியாக இல்லை. உருளைச் சோதனையில் கான்கிரீட் வலிமை சதுர மி.மீ.க்கு 15 நியூட்டன் அளவில்தான் வந்தது. கம்பி புதிதுபோல் இருந்தால் அந்தத் தூண் நேர்ப்பாரமாக ஏறத்தாழ 29 டன் தாங்கும் என்று காகிதத்தில் வரும். அடியில் உரித்துப் பார்த்தபோது கம்பி 10 மி.மீ. ஆக இளைத்திருந்தது, கணக்கு 27 டன்னுக்கு இறங்கியது. ஒல்லித் தூணில் பாரம் சற்றே நடுவைவிட்டு விலகினாலும் அதிலிருந்து இன்னும் குறையும். மாடி வந்தால் தரைத்தளத் தூணில் இறங்குவது 28 டன்.

தீர்வு மூன்று பகுதியாக வந்தது. மேல் தளச் சுவர்களை, செங்கல்லைவிட எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டுவது என்று முடிவு செய்தோம். சுவரின் 8 டன் மூன்றரை டன்னாகக் குறைந்து, மொத்தம் 34.5 டன் ஆனது. பூட்டிங்கைச் சுற்றிலும் புதுக் கான்கிரீட் சேர்த்து 1.6 மீட்டர் சதுரமாக்கினோம். சேர்த்த கான்கிரீட்டின் எடையோடு 36 டன், பரப்பு 2.56 சதுர மீட்டர், அழுத்தம் 14 டன். தூணைச் சுற்றி எல்லாப் பக்கமும் 100 மி.மீ. கான்கிரீட் உறை போட்டோம். உறையின் கம்பி புதுப் பூட்டிங்கிலிருந்தே புறப்பட்டு, தளத்தைத் துளைத்து மேலே போக வேண்டும். தரைமட்டத்தில் தொடங்கிப் பீமுக்குக் கீழே முடிந்துவிடும் உறையை நான் பார்த்திருக்கிறேன். அது தூணைப் பருமனாகக் காட்டுமே தவிர, பாரத்தை மண்ணுக்கு இறக்காது.

இந்த 14 டன் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. பூட்டிங்கைப் பெரிதாக்கிய அன்றைக்கு ஏற்கெனவே இருக்கும் 21 டன் பழைய நான்கடிச் சதுரத்தின் மேலேயே நிற்கும். புதுக் கான்கிரீட்டுக்குப் போவது அதற்குப் பிறகு ஏற்றும் பாரத்தில் ஒரு பங்குதான். அதனால் சராசரி 14 என்றாலும் பழைய பகுதிக்குக் கீழே 20 டன் வரை வரலாம். இதைத் தவிர்க்க, குழி திறக்கும் முன் சுற்றியுள்ள பீம்களுக்கு ஜாக்கி முட்டு கொடுத்து, மொட்டை மாடிச் சுருக்கியை முழுதாகப் பெயர்த்தெடுத்து, தூணின் பாரத்தை இயன்றவரை குறைத்தோம். புதுக் கான்கிரீட் 28 நாள் இறுகிய பிறகு ஜாக்கிகளை ஒரே நாளில் எடுக்காமல் சுற்றுச் சுற்றாகத் தளர்த்தினோம். முட்டுக் கொடுக்காமல் பூட்டிங்கைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று சொல்லும் ஒப்பந்ததாரரிடம், பழைய பாரம் எப்படிப் புது ஓரத்துக்குப் போகும் என்று கேளுங்கள்.

மேற்கு எல்லையில் இருந்த மூன்று தூண்களுக்கு இந்த வழி பலிக்கவில்லை. அவற்றின் பூட்டிங்குகள் உள்பக்கம் மட்டும் நீண்டிருந்தன, வெளிப்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். உள்பக்கம் மேலும் நீட்டினால் தூண் இன்னும் ஓரத்துக்குப் போய்விடும். அந்த வரிசையின் மேல் மாடியே வேண்டாம் என்று சொன்னேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒரு படுக்கையறையைக் கைவிட்டார். மாடியின் மேற்குச் சுவரை ஒரு வரிசை உள்ளே தள்ளி, அடுத்த தூண் வரிசையின் மேல் நிறுத்தினோம். மேற்கே பத்தடி அகலத்துக்கு மொட்டை மாடி அப்படியே இருக்கிறது. அங்கே நீட்டிக்கொண்டிருந்த மூன்று தூண்களின் கம்பிகளையும் தளமட்டத்தில் அறுத்து, முனைக்குத் துருத்தடுப்புப் பூசி, மேலே காரை வைத்து மூடிவிட்டோம். சன்னலோர விரிசலில் ஒட்டிய கண்ணாடி இரண்டு மழைக்காலம் கடந்து உடையாமல் இருக்கிறது.